கடிதத்தில் ஒப்புக்கொண்டது கட்டுரையிலும் இருக்கட்டும்

ஆய்விதழிலிருந்து வரும் அஞ்சலில் ‘பெரிய திருத்தங்களுக்குப் பின் மறுபடி அனுப்பவும்’ என்ற வரியைப் பார்த்ததும் கல்வி ஆய்வாளர் இரண்டு வேலைகளில் இறங்குகிறார். ஒன்று கட்டுரையைத் திருத்துவது. மற்றொன்று, மதிப்பாய்வாளர்கள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் என்ன செய்தோம் என்று பதில் கடிதம் எழுதுவது. கட்டுரை அச்சாகிறது. கடிதத்தை இதழாசிரியரும் இரண்டு மூன்று மதிப்பாய்வாளர்களும் படித்ததோடு சரி, அதன் பிறகு அது யார் கண்ணிலும் படுவதில்லை.

போளூரிலும் ஜவ்வாது மலையிலும் பணிபுரியும் பள்ளி ஆசிரியர்களும் கல்வியியல் ஆய்வாளர்களும் சேர்ந்த ஆய்வுக் குழுவின் இந்த அறிக்கை அந்தக் கடிதத்தைப் பற்றியது. மதிப்பாய்வாளரிடம் ஒப்புக்கொண்ட எந்தக் குறையும் கட்டுரையைப் படிப்பவருக்கும் தெரிய வேண்டும் என்பது குழுவின் நிலைப்பாடு. ‘தங்கள் கருத்து மிகச் சரியானது’ என்று கடிதத்தில் பணிந்துவிட்டு, கட்டுரையின் சுருக்கத்தில் பழைய முழக்கத்தை அப்படியே விட்டுவைப்பதைக் குழு திருத்தமாக எண்ணுவதில்லை.

இதை வெறும் கொள்கையாகச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். சிக்கல் எண்களில்தான் தெரியும். அதற்காகக் குழு தன் கூட்டங்களில் எடுத்துப் பேசும் மாதிரிக் கட்டுரை ஒன்றை இங்கே விரிக்கலாம். அதன் எண்கள் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. அதில் வரும் சூழல் மட்டும் மலையில் வேலை பார்த்த எவருக்கும் பழக்கமானது.

மலையிலுள்ள ஆறு உண்டு உறைவிடப் பள்ளிகளில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 214 பேர். மூன்று பள்ளிகளில் மாலை வாசிப்பு வகுப்பு நடந்தது, மற்ற மூன்றில் நடக்கவில்லை. ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் 30 மதிப்பெண்ணுக்கு வாசிப்புத் தேர்வு வைத்தார்கள். மாலை வகுப்பு நடந்த பள்ளிகளில் சராசரி முன்னேற்றம் 8 மதிப்பெண், மற்றவற்றில் 3. ஐந்து மதிப்பெண் வேறுபாடு, பி மதிப்பு 0.01க்கும் கீழே. கட்டுரையின் சுருக்கம் ‘மாலை வகுப்பு வாசிப்புத் திறனை உறுதியாக உயர்த்துகிறது’ என்று முடிந்திருந்தது.

முதல் மதிப்பாய்வாளரின் கேள்வி ஒற்றை வரி. ‘ஆய்வின் அலகு பிள்ளையா, பள்ளியா?’

ஆராயத் தொடங்கினால் கட்டுரையின் பாதியை அசைத்துவிடும் கேள்வி இது. ஒரே விடுதியில் தூங்கி, ஒரே ஆசிரியரிடம் படிக்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்துத்தான் இருப்பார்கள். நல்ல ஆசிரியர் ஒருவர் மாற்றலாகிப் போனால் வகுப்பு மொத்தமும் சரியும். ஆகவே முடிவுத் தேர்வை எழுதிய 171 பிள்ளைகளையும் 171 தனித்தனிச் சான்றுகளாக எண்ணக் கூடாது. மதிப்பெண் வேறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்கு பள்ளிக்குப் பள்ளி உள்ள வேறுபாட்டிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்குச் சராசரியாக 28.5 பிள்ளைகள். அதில் ஒன்றைக் கழித்து 0.2 ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 6.5 வருகிறது. 171ஐ அதனால் வகுத்தால் 26. அதாவது 171 பிள்ளைகளின் தேர்வுத் தாள்கள், ஒன்றோடொன்று தொடர்பில்லாத 26 பிள்ளைகளின் தாள்கள் சொல்லும் அளவுக்குத்தான் சொல்கின்றன.

இதோடு முடிவதில்லை. ஆறு பள்ளிகளிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுக்க 20 வழிகள்தான் உண்டு. உண்மையில் நடந்த பிரிவினைதான் இருபதிலும் மிகப் பெரிய வேறுபாட்டைக் காட்டுகிறது என்றே இருக்கட்டும். அப்போதும், மாலை வகுப்பால் எந்தப் பயனும் இல்லாவிட்டாலும் அது தற்செயலாக அமைய இருபதில் ஒரு வாய்ப்பு உண்டு. பள்ளிகளை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்க்கும் இந்த முறையில் பி மதிப்பு 0.05க்குக் கீழே போக வழியே இல்லை. கட்டுரையில் 0.01க்குக் கீழே என்று இருந்தது, பிள்ளைகளைத் தனித்தனியாக எண்ணியதால் வந்த மிகைத் துணிவு.

இங்கேதான் இரண்டு வகைக் கடிதங்கள் பிரிகின்றன. முதல் வகை: ‘நன்றி. பள்ளி வாரியாகக் கணக்கிட்டு அட்டவணை 4 சேர்த்துள்ளோம்.’ அட்டவணை 4 பின்னிணைப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், சுருக்கம் மாறாது. இரண்டாம் வகை: ‘மதிப்பாய்வாளர் சொல்வது சரி. பள்ளியை அலகாகக் கொண்டால் எங்கள் தரவு இந்த முடிவை உறுதியாகச் சொல்லப் போதாது. முதன்மை அட்டவணையை மாற்றியுள்ளோம், பழைய கணக்கைப் பின்னிணைப்புக்கு நகர்த்தியுள்ளோம். சுருக்கத்தில் “உறுதியாக உயர்த்துகிறது” என்பதை நீக்கி, ஆறு பள்ளிகளில் கண்ட வேறுபாடு என்று மட்டும் எழுதியுள்ளோம். திருத்திய படியின் பக்க, வரி எண்கள் கீழே.’ குழு ஏற்பது இரண்டாவதை. முதலாவதில் பொய் என்று காட்ட ஒரு சொல் கூட இல்லை. ஆபத்து அதில்தான் இருக்கிறது.

இரண்டாம் மதிப்பாய்வாளர் பிடித்தது காணாமல் போன பிள்ளைகளை. 214 பேர் தொடக்கத் தேர்வு எழுதினார்கள், முடிவுத் தேர்வில் 43 பேரைக் காணோம். ஐந்தில் ஒருவர். மலையில் இது புதிர் அல்ல. சாமை அறுப்பு முடிந்தபின் பெற்றோர் கூலி வேலைக்கு வெளியூர் போகும்போது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பெரிய பிள்ளையும் கூடப் போகும். திருவிழாவுக்கு ஊருக்குப் போன பிள்ளை விடுதிக்குத் திரும்பாமலும் இருக்கும். பதிவேட்டில் பெயர் இருக்கும், தேர்வு நாளில் ஆள் இருக்காது. முதல் படியில் கட்டுரையாளர் இதை ‘வருகை இன்மை காரணமாக விடுபட்டனர்’ என்று ஒரே சொற்றொடரில் கடந்திருந்தார்.

விடுபட்டவர்கள் யார் என்பதைத் தொடக்க மதிப்பெண்ணே சொல்லிவிடும். இருந்தவர்களின் தொடக்கச் சராசரி 15.6, போனவர்களுடையது 11.2. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள்தான் அதிகம் போயிருக்கிறார்கள். மாலை வகுப்புப் பள்ளிகளில் 108 பேரில் 84 பேரே மிஞ்சினார்கள். போன 24 பேரும் வகுப்பு இல்லாத பள்ளிப் பிள்ளைகளைப் போல 3 மதிப்பெண்தான் முன்னேறியிருப்பார்கள் என்று வைத்தால் சராசரி 8லிருந்து 6.9க்கு இறங்குகிறது, வேறுபாடு 3.9. அவர்கள் ஒன்றுமே முன்னேறவில்லை என்று வைத்தால் வேறுபாடு 3.2. 5, 3.9, 3.2 என்ற இந்த மூன்று எண்களையும் கட்டுரையின் உடலிலேயே அடுத்தடுத்து வைப்பதுதான் சரியான பதில். 5 என்பது இவற்றில் அதிகபட்ச மதிப்பீடு என்று படிப்பவருக்கு அப்போது தெரியும்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் கொரோனாக் காலக் கற்றல் இழப்பைக் கிராமப்புறத் தமிழகத்தில் சுமார் 19,000 தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் அளந்தார்கள். 2022இல் வெளியான அந்த ஆய்வு, பள்ளியில் அன்று வந்திருந்தவர்களோடு நிற்காமல் வீடு தேடிப் போய்ப் பிள்ளைகளைச் சோதித்தது. 2021 டிசம்பரில் பிள்ளைகளின் அறிவை, 2019இல் அதே ஊர்களில் அதே வயதிலிருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டது. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ‘இல்லம் தேடிக் கல்வி’யால் வந்தது என்றும் கண்டது. மிச்சம் முக்கால் பங்கை அந்தத் திட்டத்தின் கணக்கில் யாரும் எழுதிவிட முடியாதபடி பிரித்துச் சொன்னதுதான் அதன் பலம். சிறிய ஆய்வாளருக்கு வீடு வீடாகப் போகப் பணம் இராது. ஆனால் போக முடியாததை எழுதப் பணம் தேவையில்லை.

எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’ என்பதும் நேர்மை ஆகாது. மாதிரிக் கட்டுரையின் மூன்றாம் மதிப்பாய்வாளர், ‘மலையாளிப் பிள்ளைகளின் தாய்மொழி மலையாளம் என்பதால், தமிழ்வழிக் கல்வி அவர்களுக்கு ஏற்படுத்தும் மொழித் தடையைக் கோட்பாட்டுப் பகுதியில் விவாதிக்கவும்’ என்று கேட்கிறார். ஜவ்வாது மலையின் மலையாளிகளுக்கும் கேரளத்து மொழிக்கும் தொடர்பில்லை. பெயர் மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்தது. அவர்கள் வீட்டில் பேசுவது தமிழ், மலைக்கே உரிய வழக்குகளோடு. போளூர்ச் சந்தையில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். எங்கோ தொலைவில் உட்கார்ந்து படிப்பவருக்குத் தெரியாமல் போனதில் வியப்பில்லை.

அலுப்பில், கேட்டதை எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுரையை ஏற்க வைக்கலாம் என்று தோன்றும். இந்த ஆசை புதியதல்ல. மேலாண்மை ஆய்விதழ்களில் எழுதியவர்களிடம் ஆர்தர் பெடியன் நடத்தி 2003இல் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், ஏறத்தாழ நான்கில் ஒருவர் தமக்குத் தவறெனப் பட்ட திருத்தத்தையும் செய்ததாக ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு சூரிச் பொருளியலாளர் புரூனோ ஃப்ரே இந்தப் பணிவை விற்பனைக்கு ஒப்பிட்டு, கேட்டவர் முகம் சுளிக்கும் தலைப்பில் ஒரு கட்டுரையே எழுதினார். குழுவின் கருத்தில் இங்கே எழுத வேண்டிய பதில் இதுதான்: ‘இந்தத் திருத்தத்தைச் செய்யவில்லை. மலையாளிகள் தமிழ் பேசுபவர்கள். இந்தக் குழப்பம் மற்ற வாசகருக்கும் வரக்கூடும் என்பதால் முறையியல் பகுதியில் இரண்டு வாக்கியங்கள் சேர்த்துள்ளோம். வீட்டு வழக்குக்கும் பாடநூல் தமிழுக்கும் உள்ள இடைவெளி ஆராயத்தக்கது. எனினும் அதற்கான தரவு நாங்கள் திரட்டியதில் இல்லை.’ தவறான கேள்வியும் கட்டுரையில் எங்கே விளக்கம் போதவில்லை என்பதைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

மறுக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. மதிப்பாய்வாளர்கள் பள்ளிவாரியாக மதிப்பெண் பட்டியல் கேட்பார்கள். ஒரே மலையில் ஆறு உண்டு உறைவிடப் பள்ளிகள் என்றால், ‘பள்ளி இ’ எது என்று ஜமுனாமரத்தூர் பேருந்தில் வருபவருக்கே தெரிந்துவிடும். அங்கே ஒரே ஒரு ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்தான் இருப்பார். அந்தப் பட்டியலை இதழின் ஆசிரியர் குழுவின் பார்வைக்கு மட்டும் தரலாம், அச்சில் தரக் கூடாது.

மதிப்பாய்வுக்குப் பிறகு பிறந்த கணக்குகளைப் பற்றியும் குழு தெளிவாக இருக்கிறது. பெண் பிள்ளைகளைத் தனியே பிரித்துப் பாருங்கள் என்று மதிப்பாய்வாளர் சொல்லி, பிரித்ததில் பெரிய வேறுபாடு தெரிந்தால், அதைத் தொடக்கத்திலிருந்தே எதிர்பார்த்த கருதுகோள் போல முன்னுரையில் நுழைப்பது ஏமாற்று. 1998இல் உளவியலாளர் நார்பர்ட் கெர் இதற்குத் தனிப் பெயரே வைத்து எச்சரித்தார். ‘மதிப்பாய்வின்போது கேட்கப்பட்டதால் செய்த பகுப்பாய்வு’ என்ற நான்கைந்து சொற்களை அட்டவணைக்கு மேலே போட்டால் போதும்.

கடிதமே வெளியாகிவிட்டால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீரும். எம்போ இதழ் 2009 முதல் மதிப்பாய்வுக் கோப்புகளைக் கட்டுரையோடு வெளியிடுகிறது. நேச்சர் 2025 ஜூன் முதல் புதிதாக வரும் ஆய்வுக் கட்டுரைகளுக்கு இதை வழக்கமாக்கியது. கல்வி ஆய்விதழ்கள் பலவும் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை. மதிப்பாய்வாளரின் சொற்கள் அவருடையவை. அனுமதியின்றி அவற்றை ஆய்வாளர் வெளியிட முடியாது. ஆகவே குழுவின் உறுப்பினர்கள் தங்கள் கட்டுரை அச்சானதும், கேட்கப்பட்டதைத் தம் சொற்களில் சுருக்கி, தாம் மாற்றியதையும் மாற்ற மறுத்ததையும் இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பாக எழுதுவார்கள். அதன் முதல் படி ஆய்வு நடந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்குப் போகும். மாலை வகுப்பைத் தொடர்வதா நிறுத்துவதா என்று அடுத்த ஜூனில் முடிவெடுக்கப் போகிறவர்கள் அவர்கள்தான். அவர்கள் கையில் 5 என்ற எண் மட்டும் இருந்தால் போதாது, 3.2 என்பதும் இருக்க வேண்டும்.