நூடுல்ஸ், ஃப்ரைடு ரைஸுடன் ரெட் ஒயின் ஏன் கசக்கிறது?

முட்டை ஹக்கா நூடுல்ஸும் கார்லிக் ஃப்ரைடு ரைஸும் ஆவி பறக்க மேஜைக்கு வருகின்றன. பக்கத்தில் நல்ல விலை கொடுத்து வாங்கிய ரெட் ஒயின். முதல் வாய் குடித்தபோது பழ வாசனையோடு அருமையாக இருந்தது. நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஒரு வாய் குடித்தால் அதே ஒயின் கசக்கிறது, நாக்கு வறள்கிறது, தொண்டை எரிகிறது. 'பாட்டில் சரியில்லை' என்று ஒயின் மீது பழி விழுகிறது. உண்மையில் பாட்டிலில் ஒரு குறையும் இல்லை; ஜோடிதான் பொருந்தவில்லை.

சோயா சாஸ் செய்யும் வேலை

சோயா சாஸில் உப்பும் இருக்கிறது, 'உமாமி' என்கிற சுவையும் இருக்கிறது. காளானிலும் அஜினோமோட்டோவிலும் நாக்கில் நின்று பேசுகிறதே, அதுதான் உமாமி. உப்பு, ஒயினின் கடுமையைக் குறைத்துக்காட்டும். உமாமியோ நேரெதிர். ஒயினில் உள்ள கசப்பையும் துவர்ப்பையும் கூட்டிக்காட்டும்.

ரெட் ஒயினின் துவர்ப்பு, திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது. டிகாஷன் கடுமையான டீ நாக்கைப் பிடிப்பதுபோல இதுவும் பிடிக்கும். அதோடு சோயா சேரும்போதுதான் கசப்பு தூக்கலாகத் தெரிகிறது. வொயிட் ஒயினுக்குப் பெரும்பாலும் தோலை நீக்கிவிட்டுச் சாற்றை மட்டுமே புளிக்கவைப்பதால், இந்தத் தொல்லை குறைவு.

மிளகாயும் பூண்டும்

மிளகாயின் காரம் நாக்கில் உள்ள சூட்டை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. ஆல்கஹாலும் அதே நரம்புகளைத்தான் தூண்டுகிறது. அதனால் 14 சதவிகித ஆல்கஹால் உள்ள ஒயின், காரத்தைத் தணிக்காமல் எரிச்சலைக் கூட்டுகிறது. இனிப்பும் குளிர்ச்சியும்தான் காரத்தைத் தணிக்கும்.

வதக்கிய பூண்டின் வாசனை வாயில் நெடுநேரம் நிற்கும். மெல்லிய மணம் கொண்ட ஒயின் அதில் காணாமல்போகும். எனவே, வாசனை தூக்கலாக உள்ள ஒயின் வேண்டும்.

எந்த பாட்டில்?

இருவருக்கான ஹக்கா நூடுல்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸ், எட்டு பல் பூண்டு, இரண்டு பச்சை மிளகாய், ஒரு டீஸ்பூன் வினிகர். இதில் வினிகரையும் கவனிக்க வேண்டும். உணவைவிட ஒயினில் புளிப்பு குறைந்தால், ஒயின் சப்பென்று ஆகிவிடும்.

ஆக, தேவை நான்கு: புளிப்பு, லேசான இனிப்பு, நல்ல வாசனை, குறைந்த ஆல்கஹால். நான்கும் சேர்ந்து கிடைப்பது ஜெர்மனியின் ரீஸ்லிங் வகையில். லேபிளில் ஆல்கஹால் அளவைப் பார்த்தாலே ஓரளவு கணிக்கலாம். 8, 9 சதவிகிதம் என்றால் பெரும்பாலும் நன்றாக இனிக்கும். 10, 11 என்றால் பெரும்பாலும் லேசான இனிப்பு. இந்த நூடுல்ஸுக்கு அது போதும். 12-க்கு மேல் போனால் அநேகமாக இனிப்பு இருக்காது. நம் நாட்டில் நாசிக் பகுதியில் தயாராகும் ஷெனின் பிளாங்க்கும் நல்ல மாற்று. இனிப்பில்லாததும் வருகிறது என்பதால், லேசாக இனிப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். எதுவானாலும் இரண்டு, மூன்று மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, ஜில்லென்று பரிமாற வேண்டும்.

ஷெஸ்வான் ஃப்ரைடு ரைஸ் என்றால் காரம் அதிகம். 8, 9 சதவிகித ரீஸ்லிங் பக்கம் போகலாம். சோயா குறைவாக, மிளகும் உப்பும் மட்டும் தூவிய முட்டை ஃப்ரைடு ரைஸ் என்றால், இனிப்பில்லாத சாவிக்னான் பிளாங்க்கே பொருந்தும். ரெட் ஒயின்தான் வேண்டும் என்பவர்களுக்குத் துவர்ப்பு குறைந்த பினோ நுவார் சரி. அதையும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்கலாம். வியர்க்கவைக்கும் காரம் என்றால் ஒயினை மறந்துவிட்டு, மோர் குடிப்பதே நல்லது.

ஏற்கெனவே திறந்துவிட்டால்?

துவர்க்கும் ரெட் ஒயினைத் திறந்துவிட்டார்கள், நூடுல்ஸும் தயார். அப்போது மாற்ற வேண்டியது தட்டைத்தான். நூடுல்ஸ் மீது சில சொட்டு எலுமிச்சைச்சாறு பிழிந்து, ஒரு சிட்டிகை உப்பு தூவினால், ஒயினின் கடுமை கொஞ்சம் அடங்கும். காரத்தின் எரிச்சல் மட்டும் இதனால் குறையாது.

ஜோடி பொருந்துகிறதா என்று அறிய எளிய வழி உண்டு. முதலில் ஒரு வாய் ஒயின், பிறகு ஒரு வாய் நூடுல்ஸ், மீண்டும் ஒயின். இரண்டாவது வாயிலும் பழச்சுவை இருந்தால் பொருத்தம் சரி. கசப்பு மட்டுமே மிஞ்சினால், அந்த பாட்டிலை மூடி இன்னொரு நாளைக்கு வைத்துவிடலாம்.

*(மது உடல்நலத்துக்குக் கேடு. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மது விற்பது சட்டப்படி குற்றம்.)*