கொம்புக்குப் பூசியது நீலமா, பச்சையா?



மார்கழி முடிந்து தை பிறக்கும் வேளையில் என் மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு பிழையைத் தங்களிடம் சொல்லிவிட விரும்புகிறேன். சென்ற ஆண்டுப் பொங்கலன்று அதிகாலையில் கோயிலுக்குச் சென்று திரும்பியதும், கைப்பேசியில் யாரோ அனுப்பியிருந்த வாழ்த்துப் படம் ஒன்றைக் கண்டேன். பொங்கி வழியும் பானை, இருபுறமும் கரும்பு, மேலே உதயசூரியன். அழகாக இருந்ததால் உறவினர் அறுபது பேருக்கும் அதை அப்படியே அனுப்பி வைத்தேன். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது.

அந்த அறுபது பேரில் ஒருத்தி ஜாம்ஷெட்பூரில் வாழும் என் சித்தி மகள். அவளுடைய கணவர் அந்தப் புரட்டாசியில்தான் காலமானார். ஓராண்டு நிறையும்வரை அவ்வீட்டில் பொங்கல் வைக்கமாட்டார்கள். துக்கம் விசாரிக்கத் தொலைபேசியில் பேசிய நானே, மூன்று மாதத்தில் அதை மறந்து, பொங்கும் பானையை அவள் கண்முன் நிறுத்திவிட்டேன். அவளிடமிருந்து பதில் வரவில்லை. மாட்டுப்பொங்கலன்று கொம்புகளுக்கு வண்ணம் பூசிய மாடுகள் எங்கள் தெருவில் போவதைக் கண்டபோதுதான் அவள் நினைவும், நான் செய்த பிழையும் ஒருசேர உறைத்தன.

மன்னிப்புக் கேட்டு எழுத முற்பட்டேன். அது அவள் துயரத்தைவிட என் சங்கடத்தையே பெரிதாகப் பேசுவதுபோல் தோன்றிற்று. ஆகவே இரண்டு வரியில் வருத்தம் தெரிவித்துவிட்டு, இவ்வாறு எழுதினேன்:

“தங்கச்சி, இன்று தெருவில் மாடுகள் போகின்றன. 1968ஆம் ஆண்டு மாட்டுப்பொங்கல் நினைவிருக்கிறதா? சின்னமனூரில் தாத்தா மாடுகளை ஆற்றில் குளிப்பாட்டிக் கொண்டுவந்து கட்டியிருந்தார். செங்காவி தீர்ந்துபோனதால், துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து மயிலைப் பசுவின் ஒரு கொம்புக்கு மட்டும் நீ பூசிவிட்டாய். உனக்கு ஆறு வயது. தாத்தா அடிக்கப்போகிறார் என்று நாங்கள் நடுங்க, அவர் சிரித்துவிட்டார். அப்போது அவர் என்ன சொன்னார்? எனக்கு அது மறந்துவிட்டது.”

மறுநாள் காலையில் அவளே அழைத்தாள். “அண்ணே, அது நீலமில்லை, பச்சை. பூசியது நானில்லை, நீங்கள். உங்களுக்கு அடி விழுமே என்று நான் முன்னால் போய் நின்றேன்” என்றாள். ஐம்பத்தேழு ஆண்டுகளாக நான் தவறாகவே நினைத்திருந்திருக்கிறேன்! தாத்தா சொன்னதும் அவளுக்கு நினைவிருந்தது: “ஒரு கொம்புக்குப் பூசினால் மற்றக் கொம்பு கோபித்துக்கொள்ளும், அதற்கும் பூசு.” அன்று ஒரு மணி நேரம் பேசினோம். பேச்சின் இறுதியில், கணவரின் கடைசி நாள்களைப் பற்றி அவளாகவே சொன்னாள். துக்கம் விசாரித்தபோதுகூட அவள் அவற்றைச் சொன்னதில்லை.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டவை சில. முதலாவது, அனுப்பும் முன் பெயர்ப்பட்டியலை நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டில் துக்கம் நேர்ந்த வீடுகளைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். துக்கம் காக்கும் கால அளவு குலவழக்கத்துக்கேற்ப மாறும். பங்காளிகள் வீட்டிலும் பொங்கல் நிற்பதுண்டு. அவர்களுக்கு ‘பொங்கலோ பொங்கல்’ என்று எழுதாமல் நினைவை மட்டும் எழுதலாம். தலைப்பொங்கல் காணும் இளந்தம்பதியருக்கோ வாழ்த்தையும் மனமார எழுதலாம். ஒரே படத்தை எல்லோருக்கும் அனுப்பும்போது இந்த வேறுபாடு அழிந்துவிடுகிறது. மேலும், ஐந்து கைகளுக்கு மேல் மாறி வந்த படத்தின் தலையில் வாட்ஸ்அப் இரட்டை அம்புக்குறி இட்டுக் காட்டிவிடும். இது நமக்கென்று எழுதப்பட்டதன்று என்பது பெறுபவருக்குப் பார்த்தவுடனே தெரியும்.

இரண்டாவது, நினைவு இருவருக்கும் பொதுவானதாக இருக்க வேண்டும். நான் மட்டும் கண்டதை எழுதினால் அது கதையாகும். அவரும் உடனிருந்ததை எழுதினால்தான் அவருக்குப் பதில் சொல்ல வாய் வரும். ஓர் இடம், ஒரு பொருள், ஒருவர் சொன்ன ஒரு சொல் ஆகிய மூன்றும் இருந்தால் ஐந்து வரியே போதும். போகிக்கு முன்னாளில் கண்ணுப்பூளை பறிக்கச் சென்ற வரப்பு, வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழாவில் கூட்டத்தில் தொலைந்துபோன செருப்பு, கம்பம் நந்தகோபாலன் கோயில் தம்பிரான் மாட்டுத் தொழுவில் யார் தோளிலோ ஏறி நின்று பார்த்தது என நம் பள்ளத்தாக்கினருக்கு இவற்றுக்குக் குறைவில்லை. சொத்துப் பிரிவினை, நின்றுபோன சம்பந்தம், கடன் ஆகியவை தொடர்பான நினைவுகளை மட்டும் எழுதலாகாது; நமக்கு வேடிக்கையாகத் தோன்றுவது அவருக்குப் புண்ணாக இருக்கக்கூடும்.

மூன்றாவது, முடிவில் அவர் மட்டுமே விடை சொல்லக்கூடிய கேள்வி ஒன்று இருக்க வேண்டும். ‘நலமா?’ என்றால் ‘நலம்’ என்று பதில் வரும், அத்துடன் முடிந்துவிடும். ‘தாத்தா என்ன சொன்னார்?’ என்பதற்கு அவ்வாறு ஒற்றைச் சொல்லில் விடை சொல்ல இயலாது. நம் நினைவு பிழையாக இருந்தாலும் தாழ்வில்லை. திருத்துவதற்காகவாவது அவர் பேசுவார். என் தங்கையும் அப்படித்தான் பேசினாள்.

அயல்நாட்டில் வளர்ந்த பேரக்குழந்தைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதிருக்கலாம். அவர்களுக்கு ஒரு நிமிட அளவில் குரல்பதிவாக அனுப்பலாம். அங்கே நள்ளிரவாக இருந்தாலும் விடிந்தபின் கேட்டுக்கொள்வார்கள்.

முற்காலத்தில் பொங்கல் வாழ்த்து அட்டைகளை ஒட்டாத உறையிலிட்டுக் குறைந்த தபால் கட்டணத்தில் அனுப்பிய நாள்களைத் தாங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அட்டையில் அச்சிட்ட வாழ்த்து எல்லோருக்கும் ஒன்றுதான். ஆயினும் முகவரியை ஒவ்வொருவருக்கும் நாமே எழுதினோம். எழுதும்போது ஒரு கணமேனும் அவர் முகம் மனத்தில் வந்துபோயிற்று. இன்று இழந்திருப்பது அந்த ஒரு கணத்தைத்தான்.

நம் தேனி மாவட்டத்துக்கு இது புதிய வழக்கமும் அன்று. குச்சனூரை அடுத்த பாலார்பட்டியில் ஆண்டுதோறும் ஊர்மக்கள் கூடி ஜான் பென்னிகுவிக்குக்காகப் பொங்கலிடுகிறார்கள். அவர் பிறந்தது 1841 ஜனவரி 15; தைப்பொங்கலையொட்டி வரும் நாள். மேற்கே ஓடிய பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய முல்லைப்பெரியாறு அணை 1895இல் நிறைவுற்றது. அவர் நம் மொழியினரல்லர், நம் உறவினருமல்லர். ஆயினும் அவரை ஊரார் பொதுப்படப் புகழ்ந்து விட்டுவிடவில்லை. ‘இந்த வயலுக்குத் தண்ணீர் தந்தவர்’ என்னும் ஒரே செய்தியைச் சொல்லி அடுப்பு மூட்டுகிறார்கள்.

இவ்வாண்டு மார்கழி முதல் நாளிலிருந்தே ஒரு குறிப்பேடு வைத்தேன். விடியற்காலையில் கோயிலிலிருந்து திரும்பியதும், நாளைக்கு ஓர் உறவினர் பெயரும் அவருடன் பகிர்ந்த ஒரு நினைவுமாக எழுதி வந்தேன். இருபத்தாறு பேர் தேறினார்கள். மற்றவர்களில் சிலரைப் பற்றி எழுத ஒரு நினைவும் வரவில்லை என்பது என்னை வருந்தச் செய்தது. அவர்களை இந்த ஆண்டு நேரில் சென்று பார்ப்பதாக இருக்கிறேன்.

ஜாம்ஷெட்பூர்த் தங்கை இந்தத் தையில் மீண்டும் பொங்கல் வைக்கிறாள். அவளுக்கு எழுத வேண்டிய வரிகளைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டேன். அதில் கொம்பின் நிறம் பச்சை.