குற்றச்சாட்டை நீக்கிய கடிதம்

கணக்கியல் இரண்டாம் வினாத்தாளில் சித்தியடையாத மாணவி ஒருவர், பரீட்சைக் கட்டுப்பாட்டாளருக்குத் தாம் வரைந்த முறையீட்டைத் திருத்தித் தருமாறு நமக்கு அனுப்பியிருந்தார். "திருத்தியவர் என் விடைத்தாளை வாசிக்காமலே புள்ளியிட்டுவிட்டார், என்னிலும் குறைவாகப் படித்தவள் சித்தியடைந்துவிட்டாள்" என்பன அதிலுள்ள வரிகள். மனம் நொந்த வேளையில் எவரும் இவ்வாறே எழுதுவர்.

திருத்தியவர் செய்ததை மாணவி கண்டதில்லை. ஆதலால் முதல் வரியை நீக்கினோம். தோழியின் பெறுபேறு இவருடைய விடைத்தாளைப் பற்றி எதுவும் சொல்லாது, அதனையும் விட்டோம். பின், அவர் நேரில் அறிந்தது யாது என வினவினோம். ஐந்தாம் வினாவின் விடையை மேலதிகத் தாளில் எழுதிக் கட்டியதாக அறிவித்தார். முறையீட்டின் உயிர் அங்கேதான் இருந்தது; அவருடைய மூன்று பக்கக் கடிதத்திலோ அச்செய்தி இல்லை!

புதிய கடிதம் சுட்டெண், பாடம், பரீட்சைத் திகதி, பெறுபேறு ஆகியவற்றுடன் தொடங்கி இவ்வாறு செல்கின்றது:

"யான் ஐந்து வினாக்களுக்கு விடையெழுதினேன். ஐந்தாம் வினாவின் விடையை மேலதிகத் தாளில் எழுதி, பிரதான விடைத்தாளுடன் கட்டிக் கொடுத்தேன். அத்தாள் இணைந்துள்ளதா, அவ்விடைக்குப் புள்ளி இடப்பட்டுள்ளதா, மொத்தக் கூட்டல் சரியா என்பவற்றைப் பரிசோதித்து முடிவை அறிவிக்குமாறு வேண்டுகின்றேன்."

இம்மூன்றுக்கும் விடைத்தாளை எடுத்துப் பார்க்கும் இலிகிதர் ஒருவரே ஆம், இல்லை என விடை கூறிவிடலாம். "மீண்டும் திருத்துக" எனக் கேட்பது வேறு. அதற்கு மற்றொரு பரீட்சகர் வேண்டும், நிறுவனத்தின் விதியும் இடந்தரவேண்டும்.

கட்டணப் பற்றுச்சீட்டை இணைத்து, இறுதித் திகதிக்கு முன் பதிவுத் தபாலில் அனுப்புமாறு கூறினோம். பிரதியொன்று மாணவி வசம் இருக்கின்றது.