மோட்டார் ஆட்டும், பார்க்காது

கரிசல்காட்டுப் பெண்ணுக்கு வேலை ஓய்வதே இல்லை. ஆகவே மின்ஊஞ்சலில் பிள்ளையைப் போட்டு வாரைப் பூட்டிவிட்டால் அது பாட்டுக்கு ஆட்டும், அவள் பாட்டுக்கு வேலையைப் பார்க்கலாம். நம் பாட்டிமார் சேலைத் தொட்டிலில் போட்டுத்தானே வளர்த்தார்கள். அமெரிக்காக்காரன் தன் ஊர்ச் சரக்கைத் திரும்ப வாங்கினால் நமக்கென்ன? கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்திருக்கும் கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். படிக்க இதமாக இருக்கிறது. ஆனால் பிள்ளை எப்படி மூச்சு விடுகிறது என்று கட்டுரையாளர் ஓரிடத்திலும் யோசிக்கவில்லை.

“எங்கள் வீட்டுப் பிள்ளை அதில் ஒரே இழுப்பாக ஐந்து மணி நேரம் தூங்கினான்” என்பதுதான் அவர் நீட்டும் பெரிய சான்று. ஐயா, பயப்பட வேண்டியதே அந்த ஐந்து மணி நேரத்துக்குத்தான். இரண்டு மாதப் பிள்ளைக்குத் தலை கனம், கழுத்துக்கு வலு இல்லை. சாய்ந்த இருக்கையில் உறக்கம் பிடித்ததும் கழுத்து தளரும், தலை முன்னால் சரியும், தாடை நெஞ்சில் போய் முட்டும். அந்த வயதில் மூச்சுக்குழல் மெலிசு, மெத்தென்றும் இருக்கும். கழுத்து மடங்கினால் காற்று போகும் வழி சுருங்கிவிடும். அந்தப் பிள்ளை திணறிக் கத்தாது, கை காலை உதறாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் மெல்ல மெல்லக் குறையும். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கு அது நல்ல தூக்கமாகத்தான் தெரியும்.

ஆடுகிற ஆட்டத்தில் இன்னொன்றும் நடக்கும். போட்டபோது நேராக இருந்த பிள்ளை அரை அங்குலம் அரை அங்குலமாகக் கீழே வழுக்கி, வயிறு மடிந்து குறுகிப்போகும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையவில்லை என்றால், முகம் பக்கவாட்டில் திரும்பி மூக்கு பஞ்சுத் திண்டில் புதைந்திருந்தால், உடனே தூக்க வேண்டும். இதையெல்லாம் கவனிக்க ஒரு ஆள் வேண்டும். மோட்டாருக்கு ஆட்டத் தெரியும், அவ்வளவுதான்.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்கிறார். அங்கே திரும்பப் பெறப்பட்டவை உடைந்துபோன சரக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் போலும். பிஷர்-பிரைஸ் நிறுவனம் 2009-ல் ‘ராக் ’ன் ப்ளே’ என்ற சாய்வுப் படுக்கையைத் தூங்குவதற்கென்றே விற்கத் தொடங்கியது. சாய்வு ஏறத்தாழ 30 டிகிரி. 2019 ஏப்ரலில் சுமார் 47 லட்சம் படுக்கைகளைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் 30-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்திருந்தன. 2023 ஜனவரியில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் மறுபடி எச்சரித்தபோது கணக்கு சுமார் நூறு. ஒரு போல்ட் கழன்றதாலோ ஒயர் கருகியதாலோ வந்த சாவுகள் அல்ல இவை. அந்தச் சாய்வில் தூங்கவிட்டதுதான் கோளாறு. அந்த ஆணையத்துக்காக 2019-ல் ஆய்வு செய்த ஆர்கன்சா மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் எரின் மேனன், 10 டிகிரிக்கு மேல் சாய்வு கூடினால் பிள்ளை புரண்டு குப்புற விழுவது சுலபமாகிறது, விழுந்தபின் முகத்தைத் தூக்கப் போராடும் தசைகள் சீக்கிரம் களைத்துவிடுகின்றன என்று காட்டினார். தூக்கத்துக்கென்று விற்கும் பொருள் 10 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது என்று 2022 மே மாதம் அங்கே சட்டமே வந்தது.

10 டிகிரி எவ்வளவு என்று தெரிய இன்ச் டேப் போதும். 60 சென்டிமீட்டர் நீளமுள்ள படுக்கையில் தலைப்பக்கம் கால்பக்கத்தைவிடப் பத்தரை சென்டிமீட்டர் உயர்ந்தால் அது 10 டிகிரி. 30 சென்டிமீட்டர் உயர்ந்தால் 30 டிகிரி. கட்டுரையாளர் தம் வீட்டு ஊஞ்சலை ஒருதரம் அளந்து பார்க்கட்டும்.

அவர் மிகவும் நம்புகிற வாருக்கு வருவோம். 2024 அக்டோபரில் அதே பிஷர்-பிரைஸ் நிறுவனத்தின் ‘ஸ்னூகா’ ஊஞ்சல்கள் 20 லட்சத்துக்கு மேல் திரும்ப அழைக்கப்பட்டன. தூங்கவிட்டபோது 1 முதல் 3 மாதத்துக்குள்ளான ஐந்து பிள்ளைகள் இறந்திருந்தன. பெரும்பாலானவற்றில் வார் பூட்டப்படவில்லை, கூடவே துணிமணியும் விரிக்கப்பட்டிருந்தது. “பார்த்தீர்களா, தவறு அவர்களுடையது” என்று கட்டுரையாளர் குதிக்க வேண்டாம். சித்திரை வெயிலில் அந்த நைலான் மெத்தை முதுகில் கொதிக்கும்போது நம் வீட்டில் என்ன செய்வோம்? பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்து அடியில் போடுவோம். வேர்க்கிறதே என்று வாரைத் தளர்த்திவிடுவோம். இரண்டும் பாசத்தில் செய்வதுதான். ஆனால் மடித்த சேலை மூக்கருகே சுருளும், தளர்ந்த வாரில் வழுக்கும் பிள்ளைக்கு அந்த வாரே கழுத்தில் ஏறும். இறுக்கிப் பூட்டினால் மட்டும் என்ன? விழாமல் இருக்கும், தலை சரிவதை எந்த வாரும் தடுக்காது.

பாட்டி தொட்டில் வாதம் கேட்கச் சுகமானது. சேலைத் தொட்டில் பத்திரம் என்று நான் சொல்லவில்லை. அதுவும் பிள்ளையை வளைத்துத்தான் போடுகிறது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் அதில் முறுக்கி விளையாடிக் கழுத்து இறுகிச் செத்த செய்தி தமிழ்ப் பத்திரிகைகளில் வராமலில்லை. ஆனால் பாட்டி தொட்டிலை ஆட்டினாள் என்றால் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டினாள். கயிறு அவள் கையில் இருந்தது, வெற்றிலை இடித்தாலும் கண் தொட்டிலுக்குள் இருந்தது. உத்திரத்தில் மோட்டாரும் ஸ்பிரிங்கும் மாட்டி அவளை எழுப்பி அனுப்பிவிட்டு, “அதே தொட்டில்தானே” என்பது ஓட்டுநரை இறக்கிவிட்டு அதே பஸ்தானே என்பதுபோல.

பால் கக்கும் பிள்ளையைச் சாய்த்துப் படுக்கவைத்தால்தான் நல்லது என்றும் மருத்துவர் தொனியில் ஒரு வரி எழுதியிருக்கிறார். மல்லாந்து சமமாகப் படுக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கும். மேலே வரும் பால் மூச்சுக்குழலுக்குள் ஏறிப் போக வேண்டியிருக்கும், அது எளிதல்ல. தலையை உயர்த்துவதால் கக்கலும் குறைவதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2022 வழிகாட்டுதலும் உறுதியான, சாய்வில்லாத, சமமான படுக்கையைத்தான் சொல்கிறது. இருக்கை வகையில் தூங்கிப்போனால், முடிந்தவுடன் தூக்கிச் சமதளத்தில் கிடத்தச் சொல்கிறது.

அவர் சொன்னதில் உண்மை ஒன்று உண்டு. விடிகாலையில் தீப்பெட்டி ஆபீஸ் வேனுக்கு ஓட வேண்டிய, வந்ததும் உலை வைக்க வேண்டிய பெண்ணுக்கு இரண்டு கை போதாது. அவளிடம் ஊஞ்சலைத் தொடாதே என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளை விழித்திருக்கும்போது, வாரை முழுக்கப் பூட்டி, மேசையிலோ கட்டிலிலோ ஏற்றாமல் தரையில் வைத்து, அவள் உளுந்து புடைக்கும் இடத்துக்கு எதிரே ஆடட்டும். கால் மணி, மிஞ்சினால் அரை மணி. கண் சொருகியதும் தூக்கிக் கிடத்த வேண்டும். பூச்சி பொட்டுக்குப் பயந்து தரையில் போட மனமில்லாதவர்கள், குடைபோல விரியும் கொசுவலைப் படுக்கையில் போடலாம். ஆனால் அடி மெத்தை கெட்டியாக இருக்க வேண்டும், கூடவே வரும் குட்டித் தலையணையையும் பக்கத்து உருளைகளையும் எடுத்து எறிந்துவிட வேண்டும். தூக்கும்போது பிள்ளை விழித்து அழும், உண்மைதான். அந்த அழுகையைத் தவிர்க்கத்தான் ராத்திரி முழுக்க ஊஞ்சலிலேயே விடச் சொல்கிறார் கட்டுரையாளர்.

தாய்மாமன் சீரில் வந்த ஊஞ்சலை அடுத்த பிள்ளைக்கும் சித்தி மகளுக்கும் கைமாற்றித் தரச் சொல்லிக் கட்டுரையை முடித்திருக்கிறார். தருவதற்குமுன் கொக்கி பூட்டுகிறதா, வார் நைந்திருக்கிறதா, தலைத்திண்டு பிள்ளையின் தாடையை முன்னே தள்ளுகிறதா என்று பாருங்கள். ஸ்னூகாவை வைத்திருந்தவர்களுக்கு ஆணையம் முதலில் சொன்னதே அந்தத் தலைத்திண்டை வெட்டி எடுக்கத்தான்.