தொகையைச் சொல்லாத எச்சரிக்கை

2020 ஆகஸ்ட் 11 அன்று, ரெவ்லான் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு சிட்டி வங்கி அனுப்ப வேண்டியிருந்தது வட்டித் தொகை சுமார் 78 லட்சம் டாலர் மட்டுமே. போனதோ அசலும் சேர்ந்து ஏறத்தாழ 90 கோடி டாலர். அசல் வெளியே போகாமலிருக்க, ஃப்ளெக்ஸ்கியூப் மென்பொருளில் PRINCIPAL, FRONT, FUND என்ற மூன்று கட்டங்களையும் நிரப்ப வேண்டும். முதல் கட்டம் மட்டுமே நிரப்பப்பட்டது. மூன்று பேர் சரிபார்த்தும் தவறு தெரியவில்லை. பணம் வங்கியைவிட்டு வெளியே போகும், தொடரலாமா என்று திரை கேட்டது. எவ்வளவு என்று சொல்லவில்லை. வட்டி எப்படியும் வெளியே போகத்தான் வேண்டும் என்பதால், அந்த எச்சரிக்கை அவர்களுக்கு இயல்பாகவே பட்டது. திரும்பி வராத சுமார் 50 கோடி டாலருக்காக வங்கி நீதிமன்றம் ஏறியது. மேல்முறையீட்டில் அதற்குச் சாதகமான தீர்ப்பு கிடைக்க 2022 ஆயிற்று.

பினாங்கில் வாடகையையோ மளிகைக் கடன் பாக்கியையோ கைப்பேசியில் அனுப்புகிறவருக்கு மூன்று சரிபார்ப்பாளர்களும் இல்லை, வழக்கறிஞர்களும் இல்லை. திரை ஒன்றுதான் துணை. சில செயலிகளில் 800 என்று தட்டினால் 8.00 ரிங்கிட் என்றே விழும். 800 ரிங்கிட்டுக்கு 80000 தட்ட வேண்டும். பூஜ்ஜியம் ஒன்று கூடினால் எண்ணாயிரம். அந்தத் தொகையை மங்கிய சிறு எழுத்தில் ஒரு மூலையில் வைத்துவிட்டு, உறுதி செய்யும் பொத்தானை மட்டும் பளிச்சென்று பெரிதாக வைப்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் அநீதி என்றே சொல்வோம். தொகை பெரிய எழுத்தில், காற்புள்ளியோடு, பொத்தானுக்கு மேலேயே இருக்க வேண்டும்.

2018இல் வந்த டூயிட்நவ், கைப்பேசி எண்ணைத் தந்ததுமே பெறுநரின் பெயரைக் காட்டுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு நின்றால் பயனில்லை. நம்மவர் பலருக்குத் தந்தை பெயர்தான் அடையாளம். A/L, A/P என்பதோடு வரி முடிந்துவிட்டால் எந்த முனியாண்டி, எந்த லெட்சுமி என்று எப்படிக் கண்டுகொள்வது? பெயர் சரியாக இருப்பதாலேயே ஆள் நல்லவர் என்றும் ஆகாது. மோசடிக்கு வாடகைக்கு விட்ட கணக்கும் உண்மையான ஒருவரின் பெயரில்தான் இருக்கிறது. அறிமுகமில்லாத கணக்கு என்றால் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் அதன் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். அங்கே புகார் எதுவும் இல்லையென்றாலும், இதுவரை யாரும் புகார் தரவில்லை என்பது மட்டுமே அதன் பொருள்.

உங்கள் பணம் பாதுகாப்பாக உள்ளது என்று பச்சை எழுத்தில் ஆறுதல் சொல்லும் திரைகளை ஏற்க முடியாது. உடனடிப் பரிமாற்றத்தில் பணம் சில நொடிகளில் அடுத்தவர் கணக்குக்குப் போய்விடும். தவறிப் போனால், அங்கே அது மிச்சமிருந்தால்தான் எளிதில் மீட்கலாம். அனுப்பும் முன் அந்தத் திரை சொல்ல வேண்டியது இது: “800.00 ரிங்கிட் இந்தப் பெயருள்ளவருக்கு இப்போதே போகும். அனுப்பிய பின் நீங்களே ரத்து செய்ய முடியாது. இன்னும் எதுவும் அனுப்பப்படவில்லை; திரும்பிப் போகலாம்.” கடைசி வாக்கியம் பொய்யில்லாத ஆறுதல். அதை மலாய், ஆங்கிலத்தோடு தமிழிலும் வங்கிகள் எழுத வேண்டும்.