தங்கம் ஏறியது, காசு போனது

"நான் சொன்ன மாதிரியே தங்கம் ஏறிச்சுதுடா. பிறகு எப்பிடி என்ர காசு போச்சு?"

போன மாதம் 155 பஸ்ஸில் வைத்து என் நண்பன் கேட்ட கேள்வி இது. கொட்டாஞ்சேனைப் பெடியன். பெயர் வேண்டாம். ஓ.எல். பிள்ளைகளுக்கு ரியூஷன் குடுத்துச் சேர்த்த 60,000 ரூபாயை, அதாவது ஏறத்தாழ 200 டொலரை, ஃபோனில் இருக்கிற ஒரு ட்ரேடிங் கணக்கில் போட்டிருக்கிறான். தங்கம் ஏறும் என்று நினைத்தான், வாங்கினான். ஏறவும் செய்தது. ஆனால் கணக்கில் மிஞ்சினது 19 டொலர்.

"மார்க்கெட் எண்டா அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். நானும் கலைப்பீடத்துக்காரன், கணக்கில் பெரிய புலி இல்லை. ஆனால் அவன் கேட்டது மண்டைக்குள் நின்றுவிட்டது. அன்று இரவு வெள்ளவத்தையில் என் அறையில் இருந்து, அவன்ட ஸ்க்ரீன்ஷொட்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பார்த்து முடிந்தபோது ஒரு விஷயம் தெளிவானது: அவனைச் சாய்த்தது தங்கத்தின் விலை மட்டும் இல்லை, ஒவ்வொரு இரவும் வெட்டுப்பட்ட வட்டி. அப்பிடி ஒரு வட்டி இருக்கிறதே அவனுக்குத் தெரியாது.

முதலில், அவன் வாங்கினது தங்கமே இல்லை. செட்டியார் தெருவில் பவுண் வாங்கினால் கையில் கொண்டுவரலாம். இது சி.எஃப்.டி., விலை வித்தியாசத்துக்கான ஒப்பந்தம். நீங்களும் அந்த நிறுவனமும் மட்டும் செய்துகொள்கிற உடன்படிக்கை. ஒரு விலையில் திறக்கிறீர்கள், இன்னொரு விலையில் மூடுகிறீர்கள். வித்தியாசம் உங்களுக்குச் சாதகமாக இருந்தால் அவர்கள் தருவார்கள், இல்லாவிட்டால் உங்கள் கணக்கிலிருந்து எடுப்பார்கள். நடுவில் தங்கம் எங்கேயும் கை மாறுவதில்லை.

கணக்கு சுலபமாக இருக்க, தங்கம் ஒரு அவுன்ஸ் 2,000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். அவன் அப்பில் `XAUUSD` என்பதைத் திறந்து 0.10 லொட் என்று அடித்தான். சின்ன எண் மாதிரித்தான் தெரியும். ஆனால் தங்கத்தில் ஒரு லொட் என்றால் 100 அவுன்ஸ். ஆகவே 0.10 லொட் என்பது 10 அவுன்ஸ், 20,000 டொலர் தங்கம். நம்ம வீட்டுக் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட 39 பவுண். 200 டொலர் வைத்திருக்கிற பெடியன் 39 பவுணின் ஏற்ற இறக்கத்தைத் தலையில் சுமந்துகொண்டு அன்று இரவு நித்திரைக்குப் போயிருக்கிறான்.

இது எப்படி முடிந்தது? லெவரேஜ். அவன்ட கணக்கு 1:500. 20,000 டொலருக்கு 40 டொலர் மார்ஜின் காட்டினால் போதும். டெலிகிராம் குழுக்களில் இதை ஒரு பரிசு மாதிரித்தான் சொல்கிறார்கள். "உன்ட 1 டொலருக்கு 500 டொலர் பவர்!"

இப்ப ஒரு ஓட்டோ லீசிங்கை யோசித்துப் பாருங்கள். யாராவது வந்து "ஒரு வீதம் மட்டும் கட்டுங்கோ, ஓட்டோவைக் கொண்டு போங்கோ" என்றால், நம்ம அம்மாமார் கேட்கிற முதல் கேள்வி என்ன? "மாசம் எவ்வளவு கட்டோணும்?" மீதிக் காசு யாரோ ஒருத்தருடையது, அதுக்கு வட்டி இருக்கும் என்பது அவர்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. லெவரேஜும் கடன்தான். ஆனால் அது "பவர்" என்ற பெயரில் வந்ததால் அந்தக் கேள்வியை எங்கட பெடியள் கேட்கவே இல்லை.

வட்டி இருக்கிறது. அதன் பெயர் ஸ்வப். ஒப்பந்தத்தை மூடாமல் இரவைத் தாண்டவிட்டால் வெட்டுவார்கள். நியூயோர்க்கில் மாலை 5 மணி என்பதுதான் வழக்கமான எல்லை, கொழும்பில் அது அதிகாலை 2.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 3.30. மெட்டா ட்ரேடரில் அந்தந்தப் பொருளின் விவரப் பக்கத்தைத் திறந்தால் கீழே `Swap long` என்று ஒரு வரி. அவன்ட அப்பில் அதற்கு நேரே இருந்தது `-40`. அவ்வளவுதான். டொலர் என்றும் இல்லை, வீதம் என்றும் இல்லை. அது பொயின்ட் கணக்கு. தங்கத்தில் ஒரு பொயின்ட் ஒரு சதம். ஆகவே அவுன்ஸுக்கு 40 சதம், 10 அவுன்ஸுக்கு ஒரு இரவுக்கு 4 டொலர்.

வருடக் கணக்கில் பார்த்தால் 20,000 டொலருக்கு 7.3 வீதம். "பரவாயில்லையே, வங்கிக் கடனை விடக் குறைவு" என்று தோன்றும். பொறி இங்கேதான். அந்த 7.3 வீதம் அவன் போட்ட காசுக்கு இல்லை, முழு 20,000 டொலருக்கும். ஆனால் கட்டுவது அவன்ட 200 டொலரிலிருந்து. 200 டொலரில் இரவுக்கு 4 டொலர் என்றால் நாளொன்றுக்கு 2 வீதம், வருடத்துக்கு 730 வீதம். மீட்டர் வட்டிக்காரன் கூட கொஞ்சம் வெட்கப்படுவான்.

இதோடு புதன்கிழமை இரவு மூன்று மடங்கு. தங்கமும் நாணயங்களும் இரண்டு வேலை நாள் கழித்துத் தீர்க்கப்படுகிறதாகக் கணக்கு, அதனால் சனி ஞாயிறுக்கான வட்டியைப் பெரும்பாலும் புதனிலேயே சேர்த்து எடுத்துவிடுவார்கள். அவன்ட வரலாற்றுப் பக்கத்தில் அந்த 12 டொலர் இருந்தது. அப்பில் ஏதோ பிழை என்று நினைத்திருக்கிறான்.

இனி நடந்ததைப் பார்ப்போம். ஒரு திங்கட்கிழமை 2,000க்கு வாங்கினான். இரண்டு வாரம் தங்கம் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று அதே இடத்தில் நின்றது. அந்த 14 இரவுகளுக்கும் 56 டொலர் போய்விட்டது. விலை அசையாமலே 200 டொலர் 144 ஆகிவிட்டது. நிறுவனத்தின் விதி, கணக்கில் மிஞ்சுவது மார்ஜினின் பாதிக்குக் கீழே, அதாவது 20 டொலருக்குக் கீழே போனால் ஒப்பந்தம் தானாக மூடப்படும். முதல் நாள் அந்தச் சுவர் 18 டொலர் தூரத்தில் இருந்தது: தங்கம் 1,982க்குப் போனால்தான் ஆபத்து. வட்டி வெட்டுப்பட வெட்டுப்படச் சுவர் நெருங்கி வந்தது. இரண்டு வாரத்தில் 1,987.60 அளவுக்கு. அவன் ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தது விலையை மட்டும்தான்.

மூன்றாவது வாரத் திங்கள் இரவு தங்கம் 1,987.50க்கு இறங்கியது. 12 டொலர் 50 சதம், ஒரு வீதம் கூட இல்லை. தங்கம் ஒரு நாளில் அவ்வளவு ஆடுவது சாதாரணம். விலையால் நட்டம் 125, வட்டியால் 56, மிச்சம் 19. மூடிவிட்டார்கள். அடுத்த நாள் தங்கம் 2,010. வட்டி இல்லாமல் இருந்திருந்தால் அந்த இரவு அவன்ட கணக்கில் 75 டொலர் இருந்திருக்கும், ஒப்பந்தமும் தப்பியிருக்கும். காலையில் 100 டொலர் லாபத்தில் எழும்பியிருப்பான். அவன் சொன்னது சரி. ஆனால் சரியாகும் வரைக்கும் காத்திருக்க அவனிடம் காசு இருக்கவில்லை.

இதே ஆள் 0.01 லொட் போட்டிருந்தால்? ஒரு அவுன்ஸ், இரவுக்கு 40 சதம். இரண்டு வாரத்துக்கு 5 டொலர் 60 சதம், அந்த இறக்கத்தில் 12 டொலர் 50 சதம். கணக்கில் 180க்கு மேல் இருந்திருக்கும். ஐரோப்பாவில் 2018 ஆகஸ்டில் செய்தது ஏறக்குறைய இதைத்தான். சாதாரண ஆட்களுக்குத் தங்கத்தில் அதிகபட்சம் 1:20, தனிப் பங்குகளில் 1:5, கிரிப்டோவில் 1:2 என்று கட்டினார்கள். அந்த விதியில் 200 டொலர்காரனால் 0.10 லொட்டைத் திறக்கவே முடியாது, 1,000 டொலர் மார்ஜின் வேண்டும். இதை எல்லாரும் நட்டத்துக்கான கட்டுப்பாடு என்றுதான் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் அது வட்டிக்கும் கட்டுப்பாடு: கடன் சின்னதானால் வட்டியும் சின்னதுதான். தங்கள் வாடிக்கையாளரில் எத்தனை வீதம் பேர் இழக்கிறார்கள் என்று விளம்பரத்திலேயே போடவும் வேண்டும். அப்போது ஐரோப்பிய அதிகாரிகள் சொன்ன எண் 74இலிருந்து 89 வீதம். வெள்ளவத்தையில் இருந்து கணக்குத் திறக்கிற எங்களை அதே நிறுவனங்கள் சீஷெல்ஸ் மாதிரி ஏதாவது தீவுப் பதிவுக்குக் கீழே எடுத்துக்கொள்ளும். அங்கே 1:500 தாராளமாகக் கிடைக்கும்.

இதைச் சொன்னால் லண்டனில் இருக்கிற மச்சான்மார் ஒரு கதை சொல்வார்கள்: "இஞ்ச ஸ்ப்ரெட் பெட்டிங் இருக்கு, வரியே இல்லை." உண்மைதான். ஏன் வரி இல்லை என்று கேளுங்கள். பிரித்தானியாவில் அதைச் சட்டம் பந்தயமாகப் பார்க்கிறது. தொடங்கினதும் தங்கத்தில்தான். 1974இல் ஸ்டூவர்ட் வீலர் ஐ.ஜி. இண்டெக்ஸை ஆரம்பித்தபோது, அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டால் அங்கே ஆட்கள் தங்கம் வாங்குவது கஷ்டம், ஆகவே விலை மேல் பந்தயம் கட்ட வழி செய்தார். சி.எஃப்.டி.யில் லொட் கணக்கு, இங்கே பொயின்ட்டுக்கு இத்தனை பவுண்ட்ஸ் என்ற கணக்கு. மற்றபடி மார்ஜின் அதே, இரவு வட்டி அதே. லாபம் வந்தவனுக்குத்தான் வரி. பெரும்பாலானவர்கள் இழக்கிற இடத்தில் வரி இல்லை என்பது என்ன சலுகை?

"அப்ப இரவுக்கு முன்னம் மூடினால் சரிதானே?" என்று என் நண்பனும் கேட்டான். சரிதான், வட்டி போகாது. ஆனால் வாங்குகிற விலைக்கும் விற்கிற விலைக்கும் நடுவில் அவன்ட கணக்கில் 30 சத இடைவெளி, 10 அவுன்ஸுக்கு 3 டொலர். ஒவ்வொரு தடவையும். ஒரு நாளில் ஐந்து தடவை திறந்து மூடினால் 15 டொலர், நாலு இரவு வட்டிக்குக் கிட்ட. வட்டியில்லா இஸ்லாமியக் கணக்கும் இருக்கு என்பார்கள். பலவற்றில் சில நாள் கழித்து "நிர்வாகக் கட்டணம்" என்று வேறொரு வரி வரும், அல்லது இடைவெளி அகலமாக இருக்கும்.

இதில் எனக்குக் கோபம் நண்பன் மேல் இல்லை. 2022இல் 200 ரூபாயில் இருந்த டொலர் 360க்குப் போனதைப் பார்த்த வயசு எங்கட வயசு. டொலரில் நாலு காசு வேண்டும் என்று நினைக்கிறது பேராசையா? கோபம் எல்லாம் அந்தக் குழுவை நடத்துகிற "அண்ணா" மேல்தான். அவருக்குச் சம்பளம் நாங்கள் திறக்கிற லொட் கணக்கில் கொமிஷனாக வருகிறது, நாங்கள் வென்றாலும் தோற்றாலும். 0.01 போடு என்று அவர் சொன்னால் அவருக்குப் பத்தில் ஒரு பங்கு. மூன்று மாத மெசேஜ்களைத் தேடிப் பார்த்தேன். "பவர்" என்ற சொல் எண்ண முடியாத அளவுக்கு இருந்தது. "ஸ்வப்" ஒரு தடவை கூட இல்லை.

அந்த 19 டொலர் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. எடுக்கப் பார்த்தான். குறைந்தது 50 டொலர் இருந்தால்தான் எடுக்கலாமாம். அண்ணா மெசேஜ் போட்டிருக்கிறார்: "இன்னும் 31 போடு தம்பி, எடுத்துடலாம்."