மண்டலம் நாடன்று: வட்டில் அச்சான எண்ணைத் தேசமாகப் படிக்கும் பிழை குறித்து

சத்யஜித் ராயின் ‘ஜல்சாகர்’ 1958-ஆம் ஆண்டு வெளிவந்த வங்கமொழித் திரைப்படம். அதன் சீரமைக்கப்பட்ட பதிப்பை அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2011-இல் டிவிடியாகவும் புளூ-ரே வட்டாகவும் வெளியிட்டது. டிவிடிக்கு மண்டலம் 1, புளூ-ரேக்கு மண்டலம் ஏ. அந்தப் புளூ-ரே வட்டு டோக்கியோவிலும் சிங்கப்பூரிலும் விற்கப்படும் கருவியில் ஓடும். கொல்கத்தாவில் விற்கப்படும் கருவி மண்டலம் சி-க்கு உரியதாகையால், பூட்டு மாற்றப்படாத வரை அதனை ஏற்க மறுக்கும். படம் பிறந்த மண்ணில் படம் ஓடாது என்பதை வரலாற்றின் முரண்நகை என்று சொல்லிப் பலர் கடந்துபோகின்றனர். இதில் முரண்நகை ஏதுமில்லை. மண்டலக் குறியீடு படம் எங்கே பிறந்தது என்று கேட்பதே இல்லை. வட்டு எங்கே விற்கப்பட வேண்டும் என்பது மட்டுமே அதன் அக்கறை.

ஆயினும் திரைப்பட ஆய்வுக் கட்டுரைகளிலும் நூலகப் பட்டியல்களிலும் ‘மண்டலம் 5, அதாவது இந்தியப் பதிப்பு’, ‘மண்டலம் 1, அதாவது அமெரிக்கப் பதிப்பு’ என்னும் சமன்பாடு கேள்வியின்றிப் புழங்கிவருகிறது. இது சொல்லளவிலான கவனக்குறைவு என்று விட்டுவிடக்கூடியதன்று. ஒரு வணிக ஏற்பாட்டை அரசியல் எல்லையாகத் திரித்து, சான்றின் தன்மையையே மாற்றிவிடும் பிழை இது.

குறியீடு இயங்கும் விதத்தை நோக்கினாலே இது விளங்கும். டிவிடியின் தலைப்புத் தகவலில் மண்டலத்திற்கென ஒதுக்கப்பட்ட இடம் எட்டு பிட்டுகள் மட்டுமே. ஒவ்வொரு பிட்டும் ஒரு மண்டலத்தைக் குறிக்கும். பிட்டின் மதிப்பு 1 எனில் அம்மண்டலத்திற்குத் தடை. 0 எனில் அனுமதி. மண்டலம் 5-க்கு மட்டும் உரிய வட்டில் அந்த மதிப்பு `0xEF`. ஐரோப்பாவையும் ஆஸ்திரேலியாவையும் ஒருங்கே நோக்கி அச்சிடப்பட்ட 2, 4 ஆகிய இரு மண்டலங்களுக்குரிய வட்டில் அது `0xF5`. கருவியில் ஒரே ஓர் எண்தான் பதிந்திருக்கும். வட்டைச் செருகியதும் கருவி தன் எண்ணுக்குரிய பிட்டைப் பார்க்கிறது; வேலை அவ்வளவுடன் முடிந்துவிடுகிறது. ஒரே வட்டு இரண்டு, மூன்று, எட்டு மண்டலங்களுக்கும் திறந்திருக்கலாம் என்னும்போது, அது எந்த நாட்டின் வட்டு என்ற கேள்விக்கு இந்த எட்டுப் பிட்டுகளில் விடை தேடுவது வீண்வேலை.

நிலப்படமும் இதையே உரைக்கிறது. மண்டலம் 5-இல் கொல்கத்தாவும் டாக்காவும் யாழ்ப்பாணமும் மாஸ்கோவும் நைரோபியும் ஒன்றாக அடங்குகின்றன. வங்கத்தைப் பிளந்த பன்னாட்டு எல்லை இந்தக் குறியீட்டின் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. மறுபுறம், தமிழ் பேசும் பார்வையாளர் சென்னையில் 5, கோலாலம்பூரில் 3, டொராண்டோவில் 1, லண்டனிலும் டர்பனிலும் 2, சிட்னியில் 4 என ஐந்து மண்டலங்களில் சிதறிக் கிடக்கின்றனர். புலம்பெயர்ந்தோரை நம்பி விற்கப்பட்ட தமிழ், இந்திப் பட டிவிடிகளில் பல, எல்லா மண்டலங்களுக்கும் திறந்தவையாக வெளிவந்ததன் காரணம் இதுவே. சந்தை மண்டலங்களைக் கடந்து பரந்திருந்தபோது பூட்டுக்குத் தேவை இருக்கவில்லை.

இதற்கு எதிராகச் சீனாவை முன்வைப்போர் உண்டு. மண்டலம் 6 சீனா ஒன்றுக்கே உரியதன்றோ, அது நாட்டைத்தானே குறிக்கிறது என்பது அவர்களின் வாதம். அதுவும் நிற்காது. 1997-இல் ஹாங்காங் சீன ஆளுகைக்குத் திரும்பிய பின்னரும் டிவிடிக் கணக்கில் அது மண்டலம் 3-இலேயே இருந்தது. இறையாண்மை மாறியது, விற்பனை வலயம் மாறவில்லை. இன்னும் வேண்டுமெனில் மண்டலம் 8-ஐ நோக்கலாம். அது விமானங்களுக்கும் பயணக் கப்பல்களுக்கும் ஒதுக்கப்பட்டது. அங்கே குடிமக்கள் இல்லை, எல்லை இல்லை. வாடிக்கையாளர் மட்டுமே உண்டு. நாட்டைக் குறிக்கும் குறியீடாயின் நாடே இல்லாத இடத்திற்கு ஓர் எண் எதற்கு?

இந்தப் பிரிவினையின் தோற்றம் மறைபொருளன்று. 1990-களில் ஹாலிவுட் படங்கள் முதலில் அமெரிக்கத் திரையரங்குகளிலும், பல மாதங்கள் கழித்துப் பிற கண்டங்களிலும் வெளியாயின. அமெரிக்காவில் டிவிடி விற்பனைக்கு வரும் வேளையில் அதே படம் ஐரோப்பியத் திரையரங்கை எட்டாமலிருக்கக் கூடும். டிவிடி கடல் கடந்தால் அரங்கின் வசூல் குறையும். இடத்திற்கு இடம் விலையை மாற்றவும், விநியோக உரிமையைத் தனித்தனியே விற்கவும் அதே வேலி உதவியது. ஆகவே கோடுகள் வரையப்பட்டது வெளியீட்டு நாட்காட்டியையும் விலைப்பட்டியலையும் வைத்து.

நாடு ஒன்றாக இருக்க, அதன் மண்டலம் தொழில்நுட்பத்திற்கேற்ப இடம்பெயர்வது இன்னொரு சான்று. டிவிடியில் இந்தியாவும் சீனாவும் வெவ்வேறு மண்டலங்கள். புளூ-ரேயில் இரண்டும் சி என்னும் ஒரே மண்டலம். விளையாட்டுக் கருவிகளில் படம் மீண்டும் மாறுகிறது. பிளேஸ்டேஷன் 2 காலத்தில் இந்தியா, பிஏஎல் ஒளிபரப்பு முறையைப் பின்பற்றிய ஐரோப்பா, ஆஸ்திரேலியாவுடன் ஒரே விற்பனை வலயத்தில் வைக்கப்பட்டது. அக்காலத்தில் கொல்கத்தாக் கடையில் முறையாக விற்கப்பட்ட விளையாட்டு வட்டில் ஐரோப்பாவைச் சுட்டும் `SLES` என்னும் எழுத்துகளே காணப்படும். பிளேஸ்டேஷன் 3 வந்தபோது பெரும்பாலான விளையாட்டு வட்டுகளுக்கு மண்டலப் பூட்டே இல்லை. அதே கருவி திரைப்பட வட்டுகளை மட்டும் மண்டலம் பார்த்தே ஏற்றது. ஒரே நகரம், ஒரே மேசை, ஒரே பெட்டி. ஆனால் முகவரிகள் பல. தேசம் இப்படி இடம் மாறுவதில்லை, சந்தை மாறும்.

கொல்கத்தாவில் மண்டலம் 5-தான் விற்கிறது, எனவே அதை இந்தியக் குறியீடு என்றால் என்ன நட்டம் என்று கேட்கப்படலாம். நட்டம் மூன்று. முதலாவது, பதிப்பின் தோற்றுவாய் பிழைபடுகிறது. ‘ஜல்சாகர்’ வட்டின் மண்டலம் 1-ஐக் கண்டு அமெரிக்கா என்று எழுதும் பட்டியலாளர், பதிப்பித்த நாடு, படம் தயாரிக்கப்பட்ட நாடு, விற்பனை வலயம் ஆகிய மூன்றையும் குழப்புகிறார். மார்க் பட்டியல் முறையில் இவை தனித்தனி இடங்கள்: தயாரிப்பு நாட்டிற்குப் புலம் 257, மண்டலத்திற்கும் ஒளிபரப்பு முறைக்கும் புலம் 538. இரண்டாவது, ஒளிபரப்பு முறையும் மண்டலமும் ஒன்றே என்ற மயக்கம் தோன்றுகிறது. ஜப்பானும் பிரிட்டனும் மண்டலம் 2-இல் இருப்பினும், முன்னது என்டிஎஸ்சி, பின்னது பிஏஎல். எண் பொருந்தியும் படம் தெளிவாக வராமற்போவது இதனால்தான். மூன்றாவது, ஓடாத வட்டு பழுதான வட்டாகக் கருதப்பட்டு ஒதுக்கப்படுகிறது. இரண்டையும் வேறுபடுத்துவது கடினமன்று: மண்டலம் பொருந்தாத கருவி பொதுவாக அதனைத் திரையில் செய்தியாகவே அறிவிக்கும், கீறல் விழுந்த வட்டு சற்று ஓடி உறையும், அல்லது படிக்கவே படாது.

கணினி இயக்கிகளில் இப்பிழைக்கு விலையும் உண்டு. 2000-க்குப் பிந்தைய டிவிடி இயக்கிகள் பயனர் மண்டலத்தை ஐந்து முறை மட்டுமே மாற்ற இடமளிக்கின்றன. ஐந்தாவது மாற்றத்தோடு எண் உறைந்துவிடும். ஒவ்வொரு ‘நாட்டு’ வட்டுக்கும் ஒருமுறை மாற்றும் ஆய்வகம், ஒரே பருவத்தில் தன் இயக்கியை ஏதோவொரு மண்டலத்தில் சிறைப்படுத்திவிடக் கூடும்.

பட்டியலில் எழுத வேண்டியது எளியது: ‘டிவிடி, மண்டலம் 1, என்டிஎஸ்சி’. அந்த எண்ணுக்கு அருகே ஒரு நாட்டின் பெயரை எழுதும் கை, வட்டை விற்றவர் வரைந்த வேலியை வரலாற்றுக்குள் நட்டுவிடுகிறது.